45 நாளா, 46 நாளா? ஸ்வீப்-இன் எஃப்.டி. உடைந்தபோது வந்த 75 ரூபாய் வட்டி

வாசகி கேள்வி:

எனக்கு வயது 44. ஈரோட்டில் வீட்டோடு சேர்த்து சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். ஒரு தனியார் வங்கியில் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. கணக்கில் பணம் குறைந்தால் எஃப்.டி.யிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி, அதோடு இரண்டு எஃப்.டி.களை ஸ்வீப்-இன் ஆக இணைத்திருக்கிறேன். ஒன்று 1 லட்சம், 2025 ஏப்ரல் 11 அன்று ஒரு வருடத்துக்குப் போட்டது, வட்டி 6.75 சதவீதம். இன்னொன்று 50,000, செப்டம்பர் 8 அன்று ஒரு வருடத்துக்குப் போட்டது, 6.25 சதவீதம். அக்டோபர் 23 அன்று ஓவர்லாக் மெஷினுக்குக் கொடுத்த 45,000 ரூபாய் செக் பாஸ் ஆனது. கணக்கில் அப்போது 18,500தான் இருந்தது. தேவைப்பட்டது 26,500, ஆனால் வங்கி 27,000 எடுத்திருக்கிறது, அதுவும் புது எஃப்.டி.யிலிருந்து. 46 நாள் இருந்த பணத்துக்கு 6.25 போட்டால் 212 ரூபாய் வர வேண்டும், வந்ததோ 74.90. மிச்சம் 23,000 என்ன ஆனது, மொத்த எஃப்.டி.யும் உடைந்துவிட்டதா? பழையதை விட்டுவிட்டுப் புதியதை ஏன் உடைத்தார்கள்? நவம்பர் 3 அன்று எனக்கு 40,000 வந்தது, அது எஃப்.டி.க்குத் திரும்பிப் போகவும் இல்லை. கிளையில் கேட்டால் "சிஸ்டம் பண்ணியது" என்கிறார்கள். என் கணவர் எல்லாவற்றையும் மூடிவிடு என்கிறார். ஸ்டேட்மென்ட், எஃப்.டி. ரசீதுகள், அந்தந்த நாளின் வட்டி அட்டவணை எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

சகோதரி, முதலில் பயப்பட வேண்டாம். நீங்கள் அனுப்பிய தாள்களை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன். 74.90 சரியான தொகைதான். உங்கள் வங்கி ஒரு ரூபாய்கூடக் குறைத்துத் தரவில்லை. ஆனால் கிளையில் "சிஸ்டம் பண்ணியது" என்று சொல்லி அனுப்பியது தப்பு. உங்கள் பணம் எப்படி உடைந்தது, எந்த விகிதத்தில் வட்டி போட்டார்கள் என்பதை விளக்க வேண்டியது அவர்கள் கடமை. அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். அடுத்த முறை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், பெரிய கணக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் வட்டி அட்டவணையை எஃப்.டி. போட்ட அன்றே எடுத்து வைத்திருந்தது ரொம்ப நல்ல காரியம். அது இல்லாமல் இந்தக் கணக்கைச் சரிபார்க்கவே முடியாது. ஏன் என்று கீழே வருகிறது.

27,000 எப்படி வந்தது

செக் 45,000, இருப்பு 18,500, குறைவது 26,500. இதுவரை நீங்கள் போட்ட கணக்கு சரி. ஆனால் உங்கள் எஃப்.டி. ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, "ஆயிரத்தின் மடங்குகளில்" உடைப்போம் என்று. அதனால் 26,500 தேவைப்பட்டாலும் மேலே உள்ள ஆயிரத்துக்கு ஏற்றி 27,000 எடுத்தார்கள். இந்த அலகு வங்கிக்கு வங்கி மாறும். சில வங்கிகளில் ஒரு ரூபாய் அலகு, அங்கே சரியாக எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் உடையும். உங்கள் வங்கியில் ஆயிரம். கூடுதலாக எடுத்த 500 எங்கும் போகவில்லை, சேமிப்புக் கணக்கில்தான் இருக்கிறது. செக் பாஸ் ஆன பிறகு உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருப்பு 574.90 என்று இருக்கிறதே, அது இந்த 500-உம் வட்டி 74.90-உம் சேர்ந்ததுதான். உடைப்பு சரியாக நடந்ததா என்று பார்க்க இதுதான் சுலபமான முதல் சோதனை: பழைய இருப்பு, உடைத்த தொகை, வட்டி மூன்றையும் கூட்டி, செக் தொகையைக் கழித்தால் புது இருப்பு வர வேண்டும். வராவிட்டால் நடுவில் ஏதோ பிடித்தம் இருக்கிறது, அது என்னவென்று கேட்க வேண்டும்.

74.90 எப்படி வந்தது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்குகிறார்கள். ரசீதில் 6.25 என்று அச்சாகியிருப்பதால், எப்போது எடுத்தாலும் 6.25 கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த 6.25 முழு ஒரு வருடம் பணத்தை விட்டுவைத்தால் தருவதாக வங்கி சொன்ன விலை. நடுவில் ஒரு பகுதியை உடைத்தால், அந்தப் பகுதியை ஆரம்பத்திலிருந்தே குறைந்த நாளுக்குப் போட்ட எஃப்.டி.யாகவே வங்கி பார்க்கும். எத்தனை நாள் உண்மையில் இருந்ததோ, அத்தனை நாளுக்கு அட்டவணையில் என்ன விகிதமோ அதை எடுத்து, அதிலிருந்து முன்கூட்டியே எடுத்ததற்கான அபராதத்தைக் கழித்துவிட்டுத் தருவார்கள். உங்கள் ரசீதில் அபராதம் 1 சதவீதம் என்று இருக்கிறது, ஸ்வீப்-இன் உடைப்புக்கும் அது பொருந்தும் என்றும் எழுதியிருக்கிறது.

எந்த நாளின் அட்டவணை என்பது முக்கியம். எஃப்.டி. போட்ட நாளின் அட்டவணை, உடைத்த நாளின் அட்டவணை இல்லை. 2025-இல் ரிசர்வ் வங்கி பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் மாதங்களில் ரெப்போ விகிதத்தைக் குறைத்தது, வங்கிகளும் எஃப்.டி. வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தன. உங்கள் ஏப்ரல் எஃப்.டி.க்கு 6.75-உம் செப்டம்பர் எஃப்.டி.க்கு 6.25-உம் வந்தது அதனால்தான். ஆகவே இன்று வங்கி ஆப்பைத் திறந்து அங்கே இருக்கும் விகிதத்தை வைத்துப் பழைய எஃப்.டி.க்குக் கணக்குப் போட்டால் தப்பான விடை வரும்.

அடுத்தது நாள் எண்ணிக்கை. நீங்கள் 46 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். செப்டம்பர் 8-ஐயும் அக்டோபர் 23-ஐயும் இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். வங்கி அப்படி எண்ணாது. பணம் வெளியே போன நாளுக்கு வட்டி கிடையாது, உள்ளே இருந்த இரவுகளை எண்ணுங்கள்: செப்டம்பரில் 23, அக்டோபரில் 22, மொத்தம் 45. ஒரு நாள்தானே என்று தோன்றும். ஆனால் உங்கள் அட்டவணையைப் பாருங்கள். 30 முதல் 45 நாள் வரை 3.25 சதவீதம், 46 முதல் 90 நாள் வரை 4.25 சதவீதம். உங்கள் செக் சரியாக அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்துவிட்டது. 3.25-இல் 1 போனால் 2.25.

```
27,000 × 2.25 ÷ 100 × 45 ÷ 365 = 74.90
```

ஸ்டேட்மென்ட்டில் வந்த அதே தொகை. செக் ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் விகிதம் 3.25 ஆகி, 46 நாளுக்கு 110 ரூபாய் 59 காசு கிடைத்திருக்கும். கிட்டத்தட்ட 36 ரூபாய் வித்தியாசம். இதற்காக நீங்கள் வருத்தப்பட ஒன்றும் இல்லை, மெஷின்காரர் எப்போது செக்கைப் போடுவார் என்பது உங்கள் கையில் இல்லை. 2025 அக்டோபர் 4-லிருந்து செக் கிளியரிங்கும் வேகமாகிவிட்டது, காலையில் போட்ட செக் அன்றே பாஸ் ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்கக் கசப்பாக இருக்கும். அந்த 27,000 எஃப்.டி.க்கே போகாமல் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே 45 நாள் கிடந்திருந்தால், உங்கள் வங்கியின் 2.5 சதவீதப்படி 83 ரூபாய் வந்திருக்கும். அதாவது அபராதம் போனபின் எஃப்.டி. தந்த வட்டி, சேமிப்புக் கணக்கின் வட்டியைவிட 8 ரூபாய் குறைவு. ஸ்வீப்-இன் போட்டால் எப்போதும் லாபம்தான் என்று கிளையில் சொல்லியிருப்பார்கள். குறுகிய நாளில் உடைந்தால் அது உண்மை இல்லை. உங்கள் அட்டவணைப்படி 45 நாளைத் தாண்டிய பணத்துக்குத்தான் ஸ்வீப்-இன் லாபம் தருகிறது. 7 நாளுக்குள் உடைந்தால் வட்டியே கிடையாது, ஏனென்றால் டெர்ம் டெபாசிட்டுக்குக் குறைந்தபட்சக் காலம் 7 நாள்.

மிச்சம் 23,000 பத்திரமாக இருக்கிறதா

இருக்கிறது. முழு எஃப்.டி.யும் உடையவில்லை. ஆனால் என் வார்த்தையை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். நெட்பேங்கிங்கில் டெபாசிட் விவரப் பக்கத்துக்குப் போய் நான்கு விஷயங்களைப் படியுங்கள்: அசல், தொடங்கிய தேதி, வட்டி விகிதம், முதிர்வுத் தொகை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அசல் 23,000, தொடங்கிய தேதி 08-09-2025, விகிதம் 6.25, முதிர்வுத் தொகை 24,472 என்று இருக்கிறது. 23,000-ஐ 6.25 சதவீதத்தில் காலாண்டுக் கூட்டு வட்டியில் ஒரு வருடம் வைத்தால் 24,471 ரூபாய் 54 காசு, ரூபாய்க்கு முழுதாக்கினால் 24,472. சரியாக இருக்கிறது.

இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது தொடங்கிய தேதி. அங்கே 23-10-2025 என்று வந்திருந்தால் கவலைப்பட வேண்டியிருக்கும். அப்படியென்றால் 50,000 முழுதையும் உடைத்துவிட்டு, மிச்சத்தைப் புதிதாக ஒரு எஃப்.டி.யாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது 23,000-க்கும் சேர்த்து 45 நாள் வட்டி 2.25-ஆகக் குறைந்திருக்கும், புது எஃப்.டி.யின் விகிதமும் அக்டோபர் மாத விகிதமாக ஆகியிருக்கும். ஸ்வீப்-இன் என்று போட்ட எஃப்.டி.யில் இப்படி நடந்தால், விடாமல் எழுதிக் கேட்க வேண்டும். எஃப்.டி. எண் மாறுவது வேறு விஷயம், சில வங்கிகளில் பகுதி உடைப்புக்குப் பிறகு எண்ணோடு ஒரு பின்னொட்டு சேரும். எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தேதியைப் பாருங்கள்.

பழையதை விட்டுப் புதியதை ஏன் உடைத்தார்கள்

கடைசியாக வந்தது முதலில் போகும் என்பதுதான் பல வங்கிகளின் வழக்கம், உங்கள் வங்கியின் விதியும் அதுவே. பழைய எஃப்.டி.யில் அதிக நாள் வட்டி சேர்ந்திருக்கிறதே, அதை உடைத்திருந்தால் கூட வந்திருக்குமே என்று நீங்கள் யோசித்தது இயல்பு. ஆனால் கைக்கு வந்த வட்டியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், உடைத்ததால் எவ்வளவு இழந்தோம் என்று பார்க்க வேண்டும்.

அதே 27,000-ஐ ஏப்ரல் எஃப்.டி.யிலிருந்து எடுத்திருந்தால், அது 195 நாள் இருந்திருக்கும். ஏப்ரல் அட்டவணையில் அந்தக் காலத்துக்கு 5.75, அபராதம் போக 4.75. கையில் சுமார் 688 ரூபாய் வந்திருக்கும், பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் 6.75-இல் அதே 195 நாளுக்குச் சேர்ந்திருந்த வட்டி சுமார் 981. அதாவது 293 ரூபாய் கை நழுவியிருக்கும். செப்டம்பர் எஃப்.டி.யை உடைத்ததால் நீங்கள் இழந்தது 6.25-இல் 45 நாளுக்கு 208-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம், 133 ரூபாய். அதோடு 6.75 என்ற பழைய நல்ல விகிதம் ஏப்ரல் வரை முழு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்று அந்த விகிதத்தில் உங்கள் வங்கியில் புது எஃப்.டி. கிடைக்காது. வட்டி இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் புதியதை முதலில் உடைப்பது பெரும்பாலும் வாடிக்கையாளருக்குத்தான் நல்லது.

வட்டி ஏறும் காலத்தில் இது தலைகீழாகவும் போகலாம், அப்போது புது எஃப்.டி.தான் அதிக விகிதம் உள்ளதாக இருக்கும். சில வங்கிகள் எந்த வரிசையில் உடைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க விடுகின்றன. உங்கள் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இல்லை, அதனால் இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

நவம்பரில் வந்த 40,000

ஸ்வீப்-இன் என்பது ஒருவழிப் பாதை. கணக்கில் குறைந்தால் எஃப்.டி.யிலிருந்து உள்ளே வரும், அவ்வளவுதான். கணக்கில் கூடினால் தானாக எஃப்.டி.யாகப் போவது தனி வசதி, அதை ஆட்டோ ஸ்வீப் என்றும் ஸ்வீப்-அவுட் என்றும் சொல்கிறார்கள். அதற்கு ஒரு வரம்புத் தொகை வைத்து, அதற்கு மேல் போனால் எஃப்.டி. போடும்படி தனியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் கொடுத்தது ஸ்வீப்-இன் மட்டும். ஆகவே 40,000 சேமிப்புக் கணக்கிலேயே நின்றது தவறில்லை.

ஆட்டோ ஸ்வீப்பைக் கேட்டு வாங்கவும் நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் துணி, நூல், ஆள் கூலி என்று வாரா வாரம் பணம் போகிறது. ஆட்டோ ஸ்வீப் போட்டால் திங்கட்கிழமை எஃப்.டி.யாகப் போன பணம் வெள்ளிக்கிழமை கூலி கொடுக்கும்போது உடையும். 7 நாள்கூட ஆகியிருக்காது, வட்டி சுழியம். சேமிப்புக் கணக்கில் இருந்தால் அந்த நாட்களுக்காவது தினசரி இருப்பின் மேல் 2.5 கிடைக்கும். மாதச் சம்பளம் வந்து மாதக் கடைசி வரை பெரிதாகச் செலவழியாத வீட்டுக்குத்தான் ஆட்டோ ஸ்வீப் பொருந்தும்.

மூடிவிடலாமா

உங்கள் கணவர் சொல்வதன் பின்னால் உள்ள எரிச்சல் புரிகிறது, ஆனால் இப்போது மூடுவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய வழி. ஏப்ரல் எஃப்.டி.யை இப்போது, ஏழு மாதத்தில், மூடினால் லட்ச ரூபாய்க்கு 6.75-க்குப் பதில் 4.75 கிடைக்கும். ஆண்டுக்கு 2,000 என்ற கணக்கில் ஏழு மாதத்துக்கு 1,150 ரூபாய்க்கு மேல் போய்விடும். 133 ரூபாய் போனதற்காக அதைப்போல எட்டு மடங்குக்கு மேல் இழக்க வேண்டுமா? ஸ்வீப்-இன் பிடிக்கவில்லை என்றால் இணைப்பை மட்டும் எடுத்துவிடலாம், எஃப்.டி. அப்படியே ஓடும். ஆனால் இணைப்பு இல்லையென்றால் அன்று உங்கள் 45,000 செக் திரும்பியிருக்கும். செக் திரும்பினால் வங்கிக் கட்டணம் தனி, மெஷின்காரரிடம் பேர் கெடுவது தனி, அவர் நினைத்தால் செக் மோசடி வழக்குக்கான நோட்டீஸ் வரை போகலாம். அந்தப் பாதுகாப்புக்கு 133 ரூபாய் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டையும் இணைப்போடு அப்படியே விட்டுவிட்டு, சேமிப்புக் கணக்கில் மட்டும் ஒன்றரை மாதத்துக்கான யூனிட் செலவை எஃப்.டி.க்கு அனுப்பாமல் வைத்திருப்பேன். ஒன்றரை மாதம் என்பது நான் சும்மா சொன்னது இல்லை, உங்கள் அட்டவணையின் 46 நாள் கோட்டிலிருந்து வந்தது. உங்கள் வங்கி அட்டவணையை மாற்றினால் இதுவும் மாறும்.

மெஷின் வாங்குவதுபோல முன்கூட்டியே தெரிந்த பெரிய செலவும், அதை ஈடுகட்டப் பத்து பதினைந்து நாளில் வரப்போகும் வரவும் இருந்தால் இன்னொரு வழி உண்டு: எஃப்.டி.யின் மேல் ஓவர்டிராஃப்ட். எஃப்.டி. விகிதத்தைவிட 1 அல்லது 2 சதவீதம் கூடுதலாக வட்டி கேட்பார்கள், ஆனால் எடுத்த தொகைக்கும் எடுத்த நாளுக்கும் மட்டும்தான். அக்டோபர் 23-இல் 26,500-ஐ 8.25 சதவீதத்தில் எடுத்து நவம்பர் 3-இல் கட்டியிருந்தால் 11 நாளுக்குச் சுமார் 66 ரூபாய் ஆகியிருக்கும், எஃப்.டி. உடையாமல் 6.25-இல் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் அந்த எஃப்.டி. வங்கியிடம் அடமானமாக நிற்கும், அடமானத்தில் உள்ள எஃப்.டி. ஸ்வீப்-இன்னுக்கு உதவாது. அதனால் ஒன்றை ஓவர்டிராஃப்டுக்கும் மற்றதை ஸ்வீப்-இன்னுக்கும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தொடக்கக் கட்டணம் ஏதும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இருந்தால் 26,000-க்கு இது கட்டுப்படியாகாது.

வரி பற்றிச் சுருக்கமாக. அந்த 74.90 எஃப்.டி. வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி இல்லை. பழைய வரிமுறையில் சேமிப்பு வட்டிக்குக் கிடைக்கும் 10,000 ரூபாய் கழிவில் இதைச் சேர்க்க முடியாது, மற்ற வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். டி.டி.எஸ். பிடிக்க, ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டு எஃப்.டி. வட்டி 50,000-ஐத் தாண்ட வேண்டும், 2025 ஏப்ரலிலிருந்து அதுதான் வரம்பு. உங்களுக்கு அது அருகில்கூட இல்லை, ஆகவே பிடித்திருந்தால் கேளுங்கள்.

கிளையில் எழுதிக் கேட்க வேண்டியவை

வாயால் கேட்டால் "சிஸ்டம்" என்ற பதில்தான் மறுபடியும் வரும். அதனால் மின்னஞ்சலில் அல்லது கடிதமாக, தேதியும் எஃப்.டி. எண்ணும் போட்டு இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். ஒன்று, அக்டோபர் 23 உடைப்புக்கு எடுத்துக்கொண்ட நாட்கள், விகிதம், அபராதம் மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். முன்கூட்டியே எடுப்பதற்கான அபராதத்தை வங்கி தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம், ஆனால் எஃப்.டி. போடும்போதே அதை வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் விஷயத்தில் ரசீதில் அச்சாகியிருக்கிறது, அதனால் அபராதத்தை எதிர்த்து வாதாட இடமில்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது ரசீதிலும் விண்ணப்பத்திலும் எங்கும் அபராதம் இல்லாமல் பிடித்திருந்தால், முதலில் வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் புகார் போடலாம்.

இரண்டாவது, ஏப்ரல் எஃப்.டி. 2026 ஏப்ரல் 11 அன்று முதிர்கிறது. தானாகப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். புதுப்பித்த பிறகும் ஸ்வீப்-இன் இணைப்பு தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். சில வங்கிகளில் புதுப்பித்ததும் புது எண் விழும், பழைய எண்ணோடு இருந்த இணைப்பு அறுந்துவிடும், வாடிக்கையாளருக்கு அது தெரியவே தெரியாது. செக் திரும்பிய பிறகுதான் தெரியவரும். அப்படியென்றால் ஏப்ரல் 12 அன்றே நெட்பேங்கிங்கில் போய், சேமிப்புக் கணக்கோடு இணைந்த எஃப்.டி.களின் பட்டியலில் புது எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம், கிளைக்குப் போக வேண்டியதில்லை. அன்றைய வட்டி அட்டவணையையும் வழக்கம்போல எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புது எஃப்.டி.க்கு இனிமேல் அதுதான் கணக்கு.